சதவீதத்தை விடுங்கள், துணைநூற்பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துகிறேன். ஒரு மாணவியின் ஏட்டை ஏஐ கண்டறியும் கருவியில் போட்டேன், 87 சதவீதம் என்று வந்தது. கூப்பிட்டுக் கேட்டால் “நானேதான் எழுதினேன் மேடம்” என்று அழுகிறாள். இன்னொரு கருவியில் போட்டால் 31 என்கிறது. எதை நம்புவது? துறைத்தலைவரிடம் புகார் கொடுத்துவிடலாமா சார்?

பதில்:

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் மேடம். ஒரே ஏட்டுக்கு ஒரு கருவி 87 என்றும் இன்னொன்று 31 என்றும் சொன்ன பிறகு, எது சரி என்று பார்க்க மூன்றாவது கருவிக்கும் போக வேண்டாம். அது 60 என்று சொல்லும், அப்புறம் என்ன செய்வீர்கள்? அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து துணைநூற்பட்டியலைப் பாருங்கள். நான் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் மேற்கோள் சரிபார்ப்பவன், பல வருடங்களாக அதுதான் என் அன்றாட வேலை. ஒரு பிரதியை யார் எழுதினார்கள் என்று நடையை வைத்து நான் அடித்த ஊகங்களில் தப்பானவை நிறைய, ஆனால் இல்லாத நூலை இல்லை என்று சொன்னதில் யாரும் வந்து என்னை மறுத்ததில்லை.

கருவியின் எண் ஏன் ஆதாரமாகாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிகளில் பல, அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கத்தக்கது என்பதை அளந்துதான் முடிவு சொல்கின்றன. பாடப்புத்தக நடையில், பழகிய சொற்களை வைத்துக் கவனமாக எழுதுகிற யாருடைய எழுத்தும் அப்படித்தான் இருக்கும், இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுடையது இன்னும் அதிகமாக. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாக 61 சதவீதம் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே அதே வருடம் ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடிக்கும், மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் என்று அவர்களே சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மாணவர்களில் 10 பேர் ஏஐயைக் கொண்டு எழுதியிருந்தால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் மாட்டுவார்கள், மீதி 90 பேரில் எட்டுப் பேர் ஒரு தப்பும் செய்யாமல் மாட்டுவார்கள். ஜூலையில் அந்தக் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்றைய கருவிகள் அதைவிடத் தேறியிருக்கலாம், ஆனால் ஒரு குறை அப்படியே இருக்கிறது: 87 என்ற எண்ணை உங்களாலும் சரிபார்க்க முடியாது, அந்தப் பெண்ணாலும் மறுக்க முடியாது. அழுவதைத் தவிர அவளிடம் பதில் இருக்க வழியே இல்லை.

மேற்கோள் வேறு வகை. “இந்தக் கட்டுரை இந்த ஆய்விதழில் இந்தத் தொகுதியில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது” என்பது உலகத்தைப் பற்றிய கூற்று. இருக்கும், அல்லது இருக்காது. நீங்கள் பார்க்கலாம், துறைத்தலைவர் பார்க்கலாம், குற்றம் சாட்டப்பட்ட மாணவி அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் உங்கள் புகார் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். மறுக்க இடம் கொடுக்கிற ஆதாரம் என்பதால்தான் அதற்கு இவ்வளவு பலம்.

ஏஐ ஏன் இல்லாத நூலைச் சொல்கிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். மேற்கோள் என்பது மிகக் கெட்டியான வடிவம் உள்ள ஒரு வரி: பெயர், ஆண்டு, தலைப்பு, ஆய்விதழ், தொகுதி, பக்கம். அந்தத் துறையில் அடிக்கடி வரும் ஆசிரியர் பெயர், அடிக்கடி வரும் தலைப்புச் சொற்கள், பெயர் பெற்ற ஆய்விதழ் இவையெல்லாம் ஏஐக்குப் பின்னால் இருக்கும் மொழிமாதிரிக்கு நன்றாகவே தெரியும், அதனால் அந்தப் பகுதிகள் நம்பும்படி வந்து உட்கார்ந்துவிடும். தொகுதி எண்ணும் பக்க எண்ணும், கட்டுரையின் இணைய அடையாள எண்ணான டிஓஐயும் அப்படி இல்லை. 512 ஏன் 498 இல்லை என்பதற்கு மொழியில் ஒரு காரணமும் கிடையாது, அச்சகத்தில்தான் காரணம் இருக்கிறது. அதனால் எண்களில்தான் கட்டு அவிழும். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜிபிடி-3.5 கொடுத்த மேற்கோள்களில் 55 சதவீதமும் ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 சதவீதமும் முழுக்க இல்லாதவை என்று கண்டார்கள். புதியவற்றில் குறைந்துகொண்டு வருகிறது, நின்றுவிடவில்லை.

என் மேசைக்கு வந்த ஒன்றை அப்படியே காட்டுகிறேன். 14 துணைநூல்கள் உள்ள கட்டுரை, அதில் ஒன்பதாவது. ஆசிரியர் உண்மையில் இருப்பவர், அந்தத் துறைக்காரர். ஆய்விதழும் உண்மை. ஆண்டு 2016, தொகுதி 41, இதழ் 3, பக்கம் 512–529, கூடவே ஒரு டிஓஐ. முதலில் அந்த டிஓஐயை எடுத்து, `https://doi.org/` என்பதற்குப் பின்னால் ஒட்டித் திறந்தேன். அதே பதிப்பகத்தின் வேறோர் ஆய்விதழில் வந்த, எந்தச் சம்பந்தமும் இல்லாத கட்டுரை திறந்தது. (பல நேரம் `DOI Not Found` என்றுதான் வரும். வேறு கட்டுரை திறப்பதும் நடக்கிறது, ஏனென்றால் டிஓஐயின் முன்பாதி பதிப்பகத்தைக் குறிப்பது, அது மாதிரிக்குப் பழக்கம். பின்பாதியை அது இட்டு நிரப்புகிறது.) அப்புறம் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் “தேடினேன், கிடைக்கவில்லை” என்பதோடு நின்றிருக்கும், அது போதாது. தேடுபொறியில் இல்லாத உண்மையான நூல்கள் எத்தனையோ. அதனால் ஆய்விதழின் சொந்தத் தளத்துக்குப் போனேன். அது 1981-ல் தொடங்கியது, வருடத்துக்கு ஒரு தொகுதி. அப்படியானால் 2016-க்குத் தொகுதி 36 வர வேண்டும், 41 என்பது 2021. சரி, ஆண்டுதான் தப்போ என்று 2021-ன் மூன்றாம் இதழைத் திறந்தால், 505-ல் தொடங்கி 523 வரை வேறொருவரின் கட்டுரை ஓடுகிறது. ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையின் நடுவில் தொடங்க முடியாது. தொகுதி 36-ஐயும் இதழ் இதழாகப் பார்த்தேன், அந்தத் தலைப்பும் இல்லை, அந்த ஆசிரியரும் இல்லை. கடைசியாக அந்த ஆசிரியர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் வைத்திருக்கும் வெளியீட்டுப் பட்டியலைப் பார்த்தேன், அங்கும் இல்லை. மொத்தம் பதினைந்து நிமிட வேலை. இதற்குப் பிறகு சொல்லும் “இல்லை”, வெறுமே கிடைக்கவில்லை என்பதல்ல, இருக்க இடமே இல்லை என்பது. அந்தப் பக்கங்களில் வேறு ஏதோ அச்சாகியிருக்கிறது என்று காட்டிவிட்டீர்கள்.

அதே கட்டுரையின் நாலாவது மேற்கோளிலும் பிழை இருந்தது. ஆண்டு 2011 என்று போட்டிருந்தார்கள், உண்மையில் 2010. 215-ஆம் பக்கம் 251 ஆகியிருந்தது. ஆனால் தலைப்பைத் தேடினால் கட்டுரை உடனே வந்தது, இலக்கங்களை மாற்றினால் எல்லாம் பொருந்தியது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மனிதர் செய்யும் பிழை ஒரு உண்மையான நூலிலிருந்து வழுவியது, அதனால் ஏதாவது ஒன்றைத் திருத்தினால் நூல் வந்து நிற்கும். இட்டுக்கட்டிய மேற்கோளில் ஆண்டைத் திருத்தினாலும் தொகுதியைத் திருத்தினாலும் ஆசிரியரை மாற்றினாலும் எங்கேயும் போய்ச் சேராது, ஏனென்றால் அது எங்கிருந்தும் கிளம்பவில்லை. உங்கள் மாணவியின் பட்டியலில் முதல் வகைப் பிழை பத்து இருந்தாலும் அது கவனக்குறைவுதான், மதிப்பெண் குறைத்துவிட்டுப் போங்கள்.

நியூயார்க் நீதிமன்றத்தில் 2023-ல் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு உங்களுக்கு இன்னொரு காரணத்துக்காகத் தெரிய வேண்டும். விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததென்று ஒரு பயணி போட்ட வழக்கு அது. அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகளாகக் காட்டியவற்றில் ஆறு இல்லாதவை. அதில் ஒன்று வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ். அதன் முகவரி `925 F.3d 1339` என்று கொடுத்திருந்தார்கள், அதாவது தீர்ப்புத் தொகுப்பின் 925-ஆம் தொகுதி, 1339-ஆம் பக்கம். அந்த இடத்தில் அச்சாகியிருந்தது வேறொரு நீதிமன்றத்தின் வேறொரு வழக்கு. தீர்ப்புச் சொன்னதாகக் கூறப்பட்ட நீதிமன்றத்தின் அலுவலகமும் அப்படி வழக்கே இல்லை என்றது. யாரும் மனுவின் நடையை அளக்கவில்லை, எந்தக் கருவியிலும் போடவில்லை, தொகுதியைத் திறந்து பார்த்தார்கள். ஜூன் மாதம் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நான் சொல்ல வந்த காரணம் இனிதான். அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கொண்டுவாருங்கள் என்று நீதிமன்றம் சொன்னபோது, வழக்கறிஞர்கள் நகலையும் கொடுத்தார்கள், அந்த நகலும் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது. இந்த வழக்கு உண்மையா என்றும் அதையே கேட்டிருக்கிறார்கள், உண்மை என்று அது சொல்லியிருக்கிறது. அதனால் நீங்கள் மாணவியிடம் கட்டுரையைக் கேட்கும்போது, தட்டச்சு செய்த பத்தியை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஆய்விதழின் பெயரும் பக்க எண்ணும் மேலே அச்சாகியிருக்கும் பக்கம் வேண்டும், அல்லது அவள் உங்கள் கண்முன்னால் தளத்தைத் திறந்து காட்ட வேண்டும். நீங்களும் சரிபார்ப்பதற்கு எந்த அரட்டைக் கருவியையும் கேட்காதீர்கள்.

அடுத்தது மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகங்கள். என் அனுபவத்தில் இவைதான் இன்னும் வலுவான ஆதாரம், ஏனென்றால் நூல் உண்மையாகவே இருக்கும்போதுகூட வாசகம் பொய்யாக இருக்கலாம். ஏட்டிலுள்ள நேரடி மேற்கோள்களையெல்லாம் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும், எல்லோரும் எழுதக்கூடிய தொடரை விட்டுவிட்டு, சற்று அபூர்வமான ஐந்தாறு சொற்கள் அடுத்தடுத்து வரும் இடத்தை எடுத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தையே எடுத்து அந்தப் பக்கத்தையும் முன்பின் நாலைந்து பக்கங்களையும் படியுங்கள். நினைவிலிருந்து எழுதியவர்கள் சொல் மாற்றிப் போடுவார்கள், இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்குவார்கள், ஆனால் அந்தக் கருத்து அங்கே எங்காவது கிடக்கும். இட்டுக்கட்டிய வாசகத்துக்கு அக்கம்பக்கமே இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள், மாணவியின் வாதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்த வாசகம் பொருந்துகிறதா, முப்பது வருடத்துக்கு முன் எழுதியவரின் வாக்கியம் ஏட்டின் மற்ற வாக்கியங்களைப் போலவே ஓடுகிறதா என்று. அது உங்களைச் சந்தேகிக்கத் தூண்டலாம், ஆனால் ஆதாரம் அந்தப் பக்கம்தான்.

தமிழில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அவசரப்பட்டால் அப்பாவி மாட்டிக்கொள்வார். ஆங்கில நூலிலிருந்து மாணவியே மொழிபெயர்த்துப் போட்ட வாசகம் எந்தத் தேடலிலும் வராது. மூல ஆங்கில வரியைக் கேளுங்கள். பழைய தமிழ் நூல்களின் மின்பிரதிகள் பலவற்றில் உள்ளே இருப்பது வெறும் படம், அல்லது பிழை மலிந்த எழுத்துணரி வெளியீடு. போதாக்குறைக்குப் பழைய ணை, லை, றா வடிவங்களும், ஒருவர் சேர்த்து எழுதியதை இன்னொருவர் பிரித்து எழுதுவதும். ஆகவே தமிழ் மேற்கோள் தேடலில் வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். அச்சுப் பக்கத்தைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

குறள் மேற்கோள் இருந்தால் வேலை சுலபம். மொத்தம் 1330, அதிகாரத்துக்குப் பத்து, அதனால் எண்ணைச் சொன்னாலே அதிகாரம் தெரிந்துவிடும். கல்வி 391-லிருந்து 400 வரை. “கல்வி அதிகாரம், குறள் 412” என்று ஏட்டில் இருந்தால் 412 கேள்வி அதிகாரத்தில் இருக்கிறது, அங்கே எந்தக் குறள் இருக்கிறதென்று பாருங்கள். அது உண்மையான குறளாகவும் எண் மட்டும் தப்பாகவும் இருந்தால் மனிதப் பிழையாக இருக்கலாம். குறளே இல்லையென்றால் வாய்விட்டுப் படித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீரும் நிற்காமல் எங்கேயோ இடறும். எனக்கு வந்த ஒரு கட்டுரையில் இரண்டாமடியில் ஐந்து சீர் இருந்தது. ஆசிரியரைக் கேட்டபோது, பதவுரை பொருத்தமாக இருந்ததால் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இனி, இந்த ஆதாரம் எதுவரை போகும் என்பது. ஏட்டில் இல்லாத மேற்கோள் ஒன்று இருப்பதால் முழு ஏட்டையும் ஏஐ எழுதியது என்று ஆகாது. அவள் உரையைத் தானே எழுதிவிட்டுப் பட்டியலை மட்டும் எந்திரத்திடம் கேட்டிருக்கலாம். இன்னொருவரின் கட்டுரையிலிருந்து பார்த்து எழுதியிருக்கலாம். ஏஐ வருவதற்கு முன்பே இப்படிப் பேய் மேற்கோள்கள் உலவியிருக்கின்றன. ஒரு பெரிய பதிப்பகம் தன் எழுத்தாளர் வழிகாட்டியில் மாதிரிக்காகப் போட்டிருந்த, இல்லவே இல்லாத, 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தது 2017-ல் தெரியவந்தது. மாதிரி வரியை அழிக்காமல் விட்டது, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது, இப்படித்தான் அது பெருகியிருக்கிறது. ஆகவே இல்லாத நூல் ஒன்றைக் கண்டால், அதே வரி வேறு யாருடைய பட்டியலிலாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். கூகுள் ஸ்காலரில் `[CITATION]` என்ற குறியோடு அது தென்பட்டால், அந்த நூல் இருக்கிறது என்று பொருளல்ல, யாரோ ஒருவர் பட்டியலில் போட்டிருக்கிறார் என்று மட்டுமே பொருள். முப்பதில் ஒன்று இல்லையென்றால் விசாரியுங்கள். பன்னிரண்டில் நாலு இல்லை, அந்த நாலும் வேறு எங்கும் இல்லை, எண்கள் ஒவ்வொன்றும் வேறு யாருடைய பக்கத்திலோ போய் விழுகின்றன என்றால், அது பார்த்து எழுதியதால் வரக்கூடியதில்லை.

மறுபக்கமும் உண்டு. எல்லா மேற்கோளும் உண்மை என்பதால் ஏஐ தொடவில்லை என்று ஆகாது. இப்போதைய கருவிகள் வலையில் தேடி உண்மையான நூல்களையே கொடுக்கின்றன. அங்கே கோளாறு வேறு இடத்தில் வரும், நூல் இருக்கும், ஆனால் ஏடு சொல்வதை அது சொல்லியிருக்காது. நூலைப் படிக்காமல் எழுதும் மனிதர்களும் காலங்காலமாக இதைச் செய்துவருவதால் அதை வைத்து ஏஐ என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நிலையில் உங்களிடம் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். 87-ஐத் திரும்ப எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

இல்லாத மேற்கோள்கள் கிடைத்துவிட்டால், புகாரில் “ஏஐ எழுதியது” என்ற வார்த்தையே வேண்டாம் மேடம். “4, 7, 9, 11 எண்ணுள்ள மேற்கோள்கள் குறிப்பிட்ட ஆய்விதழ்களில் இல்லை, அந்தப் பக்கங்களில் இருப்பவை இவை” என்று எழுதி, சரிபார்த்த தேதியோடு பொருளடக்கப் பக்கங்களின் படத்தை இணையுங்கள். படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டியிருப்பது எந்திரத்தால் நடந்தாலும் கையால் நடந்தாலும் ஒரே குற்றம், அதை நிரூபிக்க அவள் கணினியில் என்ன திறந்திருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் புகாருக்கு முன்னால் அவளைக் கூப்பிடுங்கள். ஏஐ பயன்படுத்தினாயா என்று கேட்காதீர்கள், ஏற்கெனவே ஒரு தரம் கேட்டு அழவைத்தாயிற்று. பட்டியலில் உண்மையான இரண்டையும் சந்தேகமான இரண்டையும் கலந்து எடுத்து, “இந்த நாலையும் நாளைக்குக் கொண்டுவா, எங்கே கிடைத்ததென்று சொல், உன் ஏட்டில் இந்த வரிக்கு அதில் எந்தப் பத்தி ஆதாரம் என்று காட்டு” என்று சொல்லுங்கள். படித்தவள் அன்று சாயங்காலமே கோப்போடு வந்து நிற்பாள். அப்படி வந்தால் 87 என்று சொன்னதற்காக நீங்கள் அவளிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள், அவளுக்கு அது பெரிய விஷயமாக இருக்கும்.